வலையைப் பிரித்தால் தெரியும் வித்தியாசம்

மொபைல் விமர்சனங்களில் சிலந்தி வலை போல ஒரு படம் வருமே, அதுதான் ரேடார் சார்ட். ஒரு போனுக்கு கேமரா, திரை, வேகம் மூன்றிலும் 9 மதிப்பெண். பேட்டரி, ஒலி, எடை மூன்றிலும் 3 என்று வைத்துக்கொள்வோம். 9-களை அடுத்தடுத்து வைத்து வரைந்தால் கிடைக்கும் பரப்பு, 9, 3 என்று மாற்றி மாற்றி வைத்தால் கிடைப்பதைவிட 44 சதவீதம் அதிகம். போனும் அதேதான், மதிப்பெண்ணும் அதேதான்! ஆனால், கண் பரப்பைத்தான் எடைபோடுகிறது. விற்பவருக்கு வசதிதான்.

இரண்டு போன்களை ஒப்பிடப் புள்ளிப்படம் போதும். ஓர் அம்சத்துக்கு ஒரு வரி. எல்லாவற்றுக்கும் கீழே 0 முதல் 10 வரை ஒரே அளவுகோல். வரிதோறும் இரு நிறப் புள்ளிகள், நடுவே மெல்லிய கோடு. வித்தியாசம் அதிகமுள்ள வரி மேலே வரட்டும். பேட்டரியில் எது எவ்வளவு பின்தங்குகிறது என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். ஒரே போன் என்றால் பட்டைகளே போதும். பட்டை மட்டும் 0-விலிருந்துதான் தொடங்க வேண்டும்.