'எளிய கணக்கு' யாருடையது?

பத்தாம் வகுப்புக் கணக்கை யூடியூபில் தனியாளாக நடத்தும் ஓர் ஆசிரியரைக் கற்பனை செய்துகொள்வோம். சேனலின் பெயர் 'எளிய கணக்கு'. மஞ்சள் பின்னணியில் கறுப்புப் பட்டை போட்ட தம்ப்நெயில், நான்கு விநாடித் தொடக்க இசை, "வாங்க, போட்டுப் பார்த்துடலாம்" என்ற முதல் வரி, "நூற்றுக்கு நூறு நிச்சயம்" என்ற முழக்கம். மூன்று ஆண்டுகளில் மஞ்சளைப் பார்த்த மாத்திரத்தில் "இது நம்ம சார் வீடியோ" என்று மாணவர்கள் கண்டுகொள்ளும் நிலை வந்துவிட்டது. ஒருநாள் அதே பெயரில், அதே மஞ்சளில் ஒரு டெலிகிராம் சேனல் முளைத்து, 'முழு ஆண்டு வினா வங்கி'யை 499 ரூபாய்க்கு விற்கிறது. பணம் கட்டிய பிள்ளைகள் ஆசிரியரைத் திட்டுகிறார்கள். புகார் எழுத உட்காரும்போதுதான் அவருக்குப் புரிகிறது: மாணவர் மனத்தில் அவருடையதாகப் பதிந்தவற்றில் பாதிகூடச் சட்டத்தின் கண்ணில் அவருடையதாக இல்லை. சேனல் தொடங்குபவர்களுக்கு மார்க்கெட்டிங் ஆலோசனை சொல்பவர்கள் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை. எது பளிச்சென்று தெரியும் என்று யோசிக்கிறார்கள். எதை 'என்னுடையது' என்று நிரூபிக்க முடியும் என்ற கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால், அந்த ஆசிரியர் பெயரிலிருந்தே வேறு வழியில் போயிருப்பார்.

பெயரில்தான் பெரிய சறுக்கல். 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம், 9ஆம் பிரிவு, பொருளின் அல்லது சேவையின் தன்மையை அப்படியே சொல்லும் பெயர்களைப் பதிவு செய்ய மறுக்கிறது. கணக்கை எளிதாகச் சொல்லித்தருகிறேன் என்று சொல்ல எல்லா ஆசிரியர்களுக்கும் உரிமை உண்டு என்பதால் 'எளிய கணக்கு' என்ற சொற்களை ஒருவருக்குப் பட்டா போட்டுத் தர முடியாது. நீண்ட காலப் பயன்பாட்டால் அந்தப் பெயர் தன்னையே குறிப்பதாகிவிட்டது என்று நிரூபித்தால் விலக்கு கிடைக்கும். ஆனால் அந்த நிரூபணம் சுமையானது, செலவும் பிடிக்கும். அதே ஆசிரியர் 'ஓலைப்பெட்டி' என்று பெயர் வைத்திருந்தால் (உதாரணத்துக்குச் சொல்லும் பெயர்தான்) கதை வேறு. ஓலைப்பெட்டிக்கும் கணக்குக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அதனாலேயே கணக்குப் பாடத்தோடு அந்தச் சொல்லை இன்னொருவர் கொண்டுவந்தால், ஏன் கொண்டுவந்தார் என்ற கேள்வி எழும். 'அப்படிப் பெயர் வைத்தால் தேடுபவர்களுக்குக் கிடைக்காதே' என்பார்கள். தேடலுக்கு வேண்டிய சொற்கள் இருக்க வேண்டிய இடம் வீடியோவின் தலைப்பு. 'பத்தாம் வகுப்பு முக்கோணவியல் பயிற்சி' என்று ஒவ்வொரு தலைப்பிலும் எழுதிக்கொள்ளலாம். சேனலின் பெயர் செய்ய வேண்டிய வேலை வேறு. ஒருமுறை வந்தவர் மறுமுறை பெயர் சொல்லித் தேட வேண்டும்.

யூடியூபில் சேனல் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஒரே பெயரில் பத்து சேனல்கள் இருக்கத் தடையில்லை. @olaipetti போன்ற ஹேண்டில் மட்டுமே ஒருவருக்கு ஒன்று. ஹேண்டில் கிடைத்துவிட்டதால் பெயர் தனக்குச் சொந்தமாகிவிட்டது என்று நினைப்பதும் பிழை, அது ஒரு நிறுவனம் தரும் முகவரி, அவ்வளவே. பெயர் உரிமையைத் தருவது வணிகச் சின்னப் பதிவு. கற்பித்தல் சேவைக்கு 41ஆம் வகுப்பு, அச்சிட்ட வழிகாட்டியும் விற்பதானால் 16ஆம் வகுப்பு. தனிநபர் இணையவழி விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும், புதுப்பித்துக்கொண்டே போகலாம். விண்ணப்பம் வணிகச் சின்ன இதழில் வெளியான பிறகு நான்கு மாதங்களுக்குள் யாரும் ஆட்சேபிக்கலாம் என்பதால் சான்றிதழ் உடனே கைக்கு வராது. விண்ணப்பித்த நாளிலிருந்து பெயருக்குப் பக்கத்தில் ™ போடலாம். ® என்ற குறியைப் பதிவுக்கு முன் போடுவது சட்டப்படி தவறு. தெரியாமல் போடுபவர்கள் நிறைய.

'சேனல் பெரிதாகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற வாதத்தில் ஒரு நியாயம் உண்டு. நம் சட்டம் முதலில் பதிவு செய்தவரைவிட முதலில் பயன்படுத்தியவரை மதிக்கிறது. 34ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பதிவே இல்லாதவரும், தன் நற்பெயரைக் காட்டி இன்னொருவர் ஏமாற்றுகிறார் என்று வழக்குத் தொடுக்கலாம். சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே, தன் 'சிஃபி' பெயரோடு ஒத்துப்போன இணையப் பெயருக்கு எதிராகப் போராடி 2004இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றது இந்த வழியில்தான். ஆனால் அங்கே நற்பெயர், குழப்பம், இழப்பு மூன்றையும் வழக்காடுபவர்தான் காட்ட வேண்டியிருந்தது. ஒரு நிறுவனத்துக்கு அது இயலும். மாலையில் வீடியோ எடுத்து இரவில் எடிட் செய்யும் ஒற்றை ஆசிரியருக்கு 4,500 ரூபாயே சிக்கனம். பதிவு செய்யாத காலத்திலும் ஒரு கோப்பைப் பேணினால் போதும்: முதல் வீடியோவின் தேதி தெரியும் படம், ஆண்டுவாரியாகப் பார்வை எண்ணிக்கை, பாடக் கட்டண ரசீதுகள், பெயர் வந்த செய்திகள். 'இந்தத் தேதியிலிருந்து நான்' என்பதற்கு அதுதான் சாட்சி.

தோற்றத்தில் சிக்கல் வேறு மாதிரி. மஞ்சள் நிறமும் கறுப்புப் பட்டையும் தனியே யாருக்கும் சொந்தமில்லை. லோகோ என்ற வரைபடத்துக்குக் காப்புரிமை உண்டு. அது யாருக்கு? காசு கொடுத்து வரையச் சொன்னவருக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்க்காத டிசைனர் வரைந்த லோகோ பொதுவாக அந்த டிசைனருடையதே. உரிமை கைமாற எழுத்தில் ஒப்பந்தமும் கையொப்பமும் வேண்டும். அந்த எழுத்திலும் காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் மாணவர்கள் இருக்கும் தமிழ்ச் சேனலுக்கு இது சின்ன விஷயமல்ல. "காப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும்" என்ற இரண்டு தொடர்கள் சேர்ந்த அரைப் பக்கக் கடிதம் இதைத் தீர்த்துவிடும். இலவச வார்ப்புருத் தளத்தில் எடுத்த லோகோவுக்கு அந்தக் கடிதமும் உதவாது. அதே வார்ப்புருவை ஆயிரம் பேர் எடுத்திருப்பார்கள், தனியுரிமை கேட்க வழியில்லை. தொடக்க இசைக்கும் இதே கணக்குதான். இலவச நூலகத்து இசையைப் பயன்படுத்தலாம், சொந்தம் கொண்டாட முடியாது. சொந்தமாகச் செய்வித்த நான்கு விநாடி மெட்டை ஒலிச் சின்னமாகவே பதியலாம். 2017ஆம் ஆண்டின் விதிகள் 30 விநாடிக்கு மிகாத எம்பி3 கோப்பை ஏற்கின்றன.

பேசும் பாணியைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வதே நல்லது. கணக்கைப் படிப்படியாகப் போடும் முறையும் நகைச்சுவையும் யாருக்கும் உரிமையாவதில்லை, ஆகவும் கூடாது. குரலையும் முகத்தையும் போலியாகப் பிரதியெடுப்பது வேறு. ரஜினிகாந்தின் பெயரையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்திய படத்துக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் தடை விதித்தது. பாடகர் அரிஜித் சிங்கின் குரலை ஏஐ மூலம் நகலெடுப்பதற்கு எதிராக பம்பாய் உயர் நீதிமன்றம் 2024இல் ஆணையிட்டது. இருவரும் நாடறிந்தவர்கள். சிறிய ஆசிரியர் ஒருவர் அதே வாதத்தை வைத்தால், மக்கள் தன்னை அந்தக் குரலால் அறிகிறார்கள் என்று முதலில் காட்ட வேண்டியிருக்கும். அதுவரை அவருக்குக் கைவசம் இருப்பது யூடியூபின் தனியுரிமைப் புகார். செயற்கையாக உருவாக்கிய வீடியோ தன்னைப் போல் தோன்றினாலோ ஒலித்தாலோ அதை நீக்கக் கோரலாம்.

அடுத்தது, வாக்குறுதி. இங்கே ஆபத்து வெளியிலிருந்து வருவதில்லை. "நூற்றுக்கு நூறு நிச்சயம்" என்ற முழக்கம் ஆசிரியரையே சிக்கவைக்கும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட பயிற்சித் துறை விளம்பர வழிகாட்டுதல்கள், தேர்வு நிச்சயம், மதிப்பெண் நிச்சயம் போன்ற உறுதிமொழிகளைத் தடுக்கின்றன. வெற்றி பெற்ற மாணவரின் படத்தைப் போட அவருடைய சம்மதம் வேண்டும், அதுவும் வெற்றிக்குப் பிறகு பெற்ற சம்மதம். 'நான் பயிற்சி மையம் இல்லையே, யூடியூபர்தானே' என்று சொல்லித் தப்ப முடியுமா? 50 மாணவர்களுக்கு மேல் பயிற்சி தருவது அந்த வரையறைக்குள் வரும். கட்டண வகுப்பு நடத்தும் சேனல் அந்த எண்ணிக்கையை ஒரு வாரத்தில் தொட்டுவிடும். அதற்குக் கீழே இருந்தாலும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடம் தருகிறது. 'எல்லோரும்தான் அப்படிச் சொல்கிறார்கள்' என்பது உண்மை. அதனால்தான் அந்தச் சொற்களுக்கு அடையாள மதிப்பும் இல்லை. மாணவரின் மதிப்பெண் ஆசிரியர் கையில் இல்லை, தன் வேலை மட்டும் அவர் கையில் இருக்கிறது. "செவ்வாயும் வெள்ளியும் ஒரு பாடம், பாடத்துக்கு ஐந்து பயிற்சிக் கணக்கு, விடையோடு" என்று சொன்னால் யாரும் சரிபார்க்கலாம். இரண்டு ஆண்டு தவறாமல் செய்தால் வேறு யாரும் எளிதில் நகலெடுக்க முடியாத அடையாளமும் அதுவே.

போலி டெலிகிராம் சேனலுக்கு வருவோம். நீக்கச் சொல்லும் முன் சாட்சி எடுக்க வேண்டும். முகவரி, தேதி, பணம் கேட்ட யூபிஐ எண் மூன்றும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட்டுகள். நீக்கிய பிறகு எடுக்க ஒன்றும் மிஞ்சாது. பணம் இழந்த மாணவரின் பெற்றோர் 1930 என்ற எண்ணிலோ cybercrime.gov.in தளத்திலோ உடனே புகார் செய்ய வேண்டும். மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் கைமாறிப் போய்விடும். கணினி வழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. டெலிகிராம், யூடியூப் போன்ற தளத்துக்கு அனுப்பும் புகாரில் சரியான வகையைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். தன் பெயரில் நடமாடினால் ஆள்மாறாட்டம், வீடியோவையோ லோகோவையோ எடுத்திருந்தால் காப்புரிமை, பதிவான பெயரைப் பயன்படுத்தினால் வணிகச் சின்னம். கோபத்தில் எல்லாவற்றையும் காப்புரிமை என்று எழுதுபவர்கள் யூடியூபில் சிக்கிக்கொள்கிறார்கள். எதிர்த்தரப்பு மறுப்பு அனுப்பினால், பத்து வேலை நாட்களுக்குள் வழக்குத் தொடுத்ததைக் காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வந்துவிடும். மஞ்சள் நிறத்தைக் காப்பியடித்தார் என்ற புகாருக்கு வழக்கு ஏது?

நம் ஆசிரியர் பெயரை மாற்றலாமா என்றால், மாற்றலாம். மூன்று ஆண்டுப் பழக்கத்தை ஒரே நாளில் கைவிட வேண்டியதில்லை. ஆறு மாதம் 'ஓலைப்பெட்டி – எளிய கணக்கு' என்று இரண்டையும் சேர்த்து வைத்து, பிறகு முதல் சொல்லை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு அந்த ஆறு மாதமும் மிச்சம். ஐபி இந்தியா தளத்தில் பெயர் தேடிப் பார்க்கக் கட்டணம் இல்லை. முதல் வீடியோவை ஏற்றும் முன், நினைத்து வைத்திருக்கும் பெயரைத் தமிழிலும், ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதத்திலும் 41ஆம் வகுப்பில் தேடிப் பாருங்கள்.