75-க்கு எத்தனை?

இறுதியாண்டு மாணவர்களின் ரெஸ்யூமேயில் இப்போது படிப்பு, புராஜெக்ட் எல்லாவற்றையும் தாண்டிச் சான்றிதழ்களுக்கென்றே அரைப் பக்கம் போகிறது. பைத்தான் பேட்ஜ், கிளவுட் பேட்ஜ், டேட்டா சயின்ஸ் பேட்ஜ், வெபினாரில் கலந்துகொண்டதற்கு ஒரு பேட்ஜ். வேலைக்கு ஆள் எடுக்கும் குழுக்களில் உட்கார்ந்து இவற்றைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். மாணவர்களும் பெற்றோரும் கேட்பது ஒரே கேள்விதான்: இதற்கெல்லாம் மதிப்பு உண்டா? சிலவற்றுக்கு நிச்சயம் உண்டு. எதற்கு உண்டு என்பதை அந்தப் பேட்ஜை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எல்லோருக்கும் பழக்கமான என்பிடெல் சான்றிதழையே எடுத்துக்கொள்வோம்.

ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய திட்டம் என்பிடெல். தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுப்பது 2014-இல் வந்தது. பாடத்தை இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் பணம் கட்டித் தேர்வு மையத்துக்கு நேரில் போக வேண்டும். அடையாள அட்டையைக் காட்டி, கண்காணிப்பாளர் முன்னால் 3 மணி நேரம் எழுத வேண்டும். மொத்த மதிப்பெண் 100. வாராவாரம் வீட்டிலிருந்து போடும் அசைன்மென்ட்டுகளுக்கு 25, தேர்வுக்கு 75. 12 வாரப் பாடமென்றால் சிறந்த 8 அசைன்மென்ட்டுகளின் சராசரியை எடுப்பார்கள். அசைன்மென்ட்டில் 25-க்கு 10-உம் தேர்வில் 75-க்கு 30-உம் எடுத்தால்தான் சான்றிதழ். மொத்தம் 60-ஐத் தொட்டால் 'எலைட்' என்று முத்திரை விழும். 75-ஐத் தொட்டால் வெள்ளி, 90-ஐத் தொட்டால் தங்கம்.

இரண்டு மாணவிகள் ஒரே பாடத்தை எழுதியதாக வைத்துக்கொள்வோம். முதலாமவர் அசைன்மென்ட்டில் 24, தேர்வில் 36. மொத்தம் 60. எலைட். இரண்டாமவர் அசைன்மென்ட்டில் 14, தேர்வில் 45. மொத்தம் 59. எலைட் இல்லை. ரெஸ்யூமேயில் ஒருவர் எலைட் என்று எழுதுவார், மற்றவர் பாடத்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். ஆனால் தேர்வு மையத்தில் தனியாக உட்கார்ந்து எழுதியதில் முதலாமவர் 48 சதவீதம், இரண்டாமவர் 60 சதவீதம். அசைன்மென்ட் விடைகள் மாணவர் குழுக்களில் சுற்றுவது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அங்கே 25-க்கு 24 எடுப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது. பாதியில் உடம்பு சரியில்லாமல் போய் ஐந்தாறு வாரம் விட்ட பிள்ளைக்கு அங்கேதான் அடி விழும்.

நல்லவேளையாக, என்பிடெல் சான்றிதழ் இந்த இரண்டு மதிப்பெண்களையும் தனித்தனியாகக் காட்டுகிறது. அதனால் என் கண் முதலில் போவது 75-க்கு எத்தனை என்ற இடத்துக்குத்தான். இதைச் சொல்லக் காரணம், இரண்டாவது மாணவி தன் மதிப்பெண்ணை ஒளித்துவைக்கத் தேவையே இல்லை என்பதுதான். "கண்காணிப்புத் தேர்வு, 75-க்கு 45" என்று பாடத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதலாம். அந்த ஒரு வரி எலைட் என்ற சொல்லைவிட அதிகம் பேசும். விவரம் தெரிந்தவர்கள் கேள்வியை அங்கிருந்துதான் தொடங்குவார்கள்.

இதே கேள்வியை மற்ற பேட்ஜ்களிடமும் கேட்டுப் பாருங்கள். யார் தேர்வு வைத்தார்? எழுதியது இவர்தான் என்று யார் பார்த்தார்? வீடியோ கடைசிவரை ஓடினால் தானாக வந்து விழும் பேட்ஜுக்கு இரண்டுக்குமே பதில் கிடையாது. படித்துப் பார்த்திருக்கிறார் என்ற அளவில் அதை எடுத்துக்கொள்ளலாம். அதில் தவறொன்றும் இல்லை. கண்காணிப்போடு நடந்த தேர்வின் வரிசையில் அதையும் சேர்த்து வைக்கும்போதுதான் சிக்கல். பலவீனமான பத்தோடு சேர்ந்து நிற்கும் நல்ல ஒன்று, படிப்பவர் கண்ணில் படாமலே போய்விடுகிறது. அப்படிப் புதைந்து கிடந்த நல்ல சான்றிதழ்களை நேர்காணல் முடிந்த பிறகு கண்டுபிடித்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

சில பேட்ஜ்களுக்கு மதிப்பு வேறொரு வழியில் வருகிறது. அமேசானின் ஏடபிள்யூஎஸ் கிளவுட் சான்றிதழ்களைப் பாருங்கள். அடிப்படைத் தேர்வான கிளவுட் பிராக்டிஷனருக்கு 90 நிமிடத்தில் 65 கேள்விகள். 1000-க்கு 700 எடுத்தால் தேர்ச்சி. 3 வருடத்தில் காலாவதி. தேர்வு கண்காணிப்போடு நடக்கிறது. அதோடு, ஏடபிள்யூஎஸ் கூட்டாளியாகப் பதிந்து மேல்நிலைக்குப் போக விரும்பும் ஐடி நிறுவனம், தன்னிடம் சான்றிதழ் பெற்ற ஊழியர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருப்பதைக் காட்டியாக வேண்டும். அதாவது உங்கள் பேட்ஜ் அந்த நிறுவனத்துக்கே தேவைப்படுகிறது. இப்படிப்பட்ட நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பேட்ஜுக்கு இருக்கும் கனம், வங்கி வேலைக்கோ ஆசிரியர் வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது இருக்காது.

கல்லூரிக்குள்ளேயே எண்ணக்கூடிய மதிப்பும் உண்டு. 12 வார என்பிடெல் பாடத்துக்கு 3 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, 4 வாரத்துக்கு 1 என்று பரிந்துரைக்கிறார்கள். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் தளத்தின் வழியாகப் படிக்க யுஜிசியின் 2021 விதிமுறைகள் இடம் தருகின்றன. என்பிடெல் பாடங்கள் அந்தத் தளத்தில்தான் நடக்கின்றன. ஆனால் எந்தப் பாடத்தை ஏற்பது என்று முடிவு செய்வது உங்கள் பல்கலைக்கழகமும் கல்லூரியும். தேர்வு எழுதி முடித்துச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு போன பிறகு "இந்தப் பாடம் எங்கள் பட்டியலில் இல்லை" என்று கேட்டுத் திரும்பும் மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். பதிவு செய்வதற்கு முன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

இனி, கையில் இருக்கும் நல்ல பேட்ஜை எப்படிக் காட்டுவது. இங்கேதான் நிறையப் பேர் நஷ்டப்படுகிறார்கள்.

டிஜிட்டல் பேட்ஜ் என்பது வெறும் படமல்ல. மொசில்லா நிறுவனம் 2011-இல் மெக்ஆர்தர் அறக்கட்டளையின் துணையோடு தொடங்கிய 'ஓப்பன் பேட்ஜஸ்' முறை இன்று உலகம் முழுக்க இதற்குப் பொதுவான இலக்கணமாக இருக்கிறது. அந்த முறையில் செய்த பேட்ஜ் படத்துக்குள், கண்ணுக்குத் தெரியாமல், ஒரு சிறு குறிப்பு சேர்க்கப்பட்டிருக்கும். யார் கொடுத்தது, என்றைக்குக் கொடுத்தது, எப்போது காலாவதி, எதைச் செய்ததற்காகக் கொடுத்தது எல்லாம் அதில் இருக்கும். பெற்றவரின் மின்னஞ்சல் முகவரியைப் பெரும்பாலும் அப்படியே எழுதாமல், திருப்பிப் படிக்க முடியாத சங்கேதமாக மாற்றி வைத்திருப்பார்கள். சரிபார்ப்பவர் கையில் முகவரி இருந்தால் அதையும் அதேபோல் மாற்றி, இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

இந்தப் படத்தை வாட்ஸ்ஆப்பில் போட்டோவாக அனுப்பினால் என்ன ஆகும்? அளவைக் குறைப்பதற்காக அது படத்தை வேறு வடிவத்துக்கு மாற்றிவிடும். உள்ளே இருந்த குறிப்பு போய்விடும். ஸ்கிரீன்ஷாட்டிலும் இதே கதைதான். மிஞ்சுவது, யார் வேண்டுமானாலும் போட்டோஷாப்பில் செய்துவிடக்கூடிய ஒரு வட்டப் படம். அதனால் படத்தைக் கட்டாயம் அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். அதைவிட நல்லது, பேட்ஜின் இணைப்பை அனுப்புவது. இணைப்பைத் திறப்பவர், கொடுத்தவரின் தளத்துக்கே போய்ப் பார்க்கிறார். பார்ப்பவர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: மேலே முகவரிப் பட்டையைப் படிப்பது. அங்கே credly.com, nptel.ac.in போன்ற உண்மையான தளத்தின் பெயர் இருக்க வேண்டும். போலிச் சான்றிதழில் போலித் தளத்துக்குப் போகும் கியூஆர் கோடும் சேர்த்தே அச்சிட முடியும். திறந்த பக்கத்தில் இருக்கும் பெயரையும் மதிப்பெண்ணையும் கையில் இருக்கும் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வேலை முடிந்தது.

லிங்க்ட்இன்னில் பலர் பேட்ஜ் வந்த அன்று ஒரு போஸ்ட் போட்டு, வாழ்த்துகளை வாங்கிக்கொண்டு, அதோடு விட்டுவிடுகிறார்கள். இரண்டு வாரத்தில் அந்த போஸ்ட் கீழே போய்விடும். புரொஃபைலில் Licenses & certifications என்ற பகுதி இருக்கிறது. அங்கே கொடுத்த நிறுவனம், தேதி இவற்றோடு Credential URL என்ற கட்டத்தில் இணைப்பையும் ஒட்டினால், Show credential என்ற பொத்தான் நிரந்தரமாக வந்துவிடும். ஒட்டியதும் பிரவுசரில் இன்காக்னிட்டோ சன்னலைத் திறந்து அந்த இணைப்பைச் சோதியுங்கள். நீங்கள் உள்நுழைந்திருப்பதால் உங்களுக்கு மட்டும் திறந்து, மற்றவர்களுக்கு லாகின் பக்கமாக நிற்கும் இணைப்புகள் நான் பார்த்ததில் ஏராளம். பேட்ஜைத் தனிப்பட்டதாக வைத்திருந்தாலும் இதுதான் நடக்கும்.

ரெஸ்யூமேயில், அந்த வேலைக்குப் பொருத்தமான இரண்டு மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி கொடுங்கள்: பாடம், கொடுத்தவர், தேர்வு முறை, மதிப்பெண், மாதம், இணைப்பு. ரெஸ்யூமேயை அச்செடுத்துப் படிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தாளில் நீல எழுத்தை அழுத்த முடியாது. அதனால் சான்றிதழ் எண்ணையும் எழுதிவிடுங்கள்.

மின்னஞ்சல் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் கல்லூரி கொடுத்த முகவரியில்தான் பேட்ஜ் வாங்குகிறார்கள். படிப்பு முடிந்ததும் பல கல்லூரிகள் அந்த முகவரியை மூடிவிடும். அதன் பிறகு பாஸ்வேர்டு மறந்தால் மீட்கும் மின்னஞ்சல் போய்ச் சேர இடமில்லை. பேட்ஜ் இருக்கும், அதன் கணக்குக்குள் உங்களால் நுழைய முடியாது. கிரெட்லி போன்ற தளங்களில் ஒரே கணக்கில் இரண்டாவது முகவரியையும் சேர்த்துக்கொள்ளலாம். கல்லூரி முகவரி உயிரோடு இருக்கும்போதே உங்கள் சொந்த முகவரியைச் சேர்த்து, அதை உறுதிசெய்து, முதன்மை முகவரியாக மாற்றிவிடுங்கள். கடைசி செமஸ்டருக்குள் முடித்துவிட வேண்டிய வேலை இது.

கொடுத்த தளமே மூடிவிட்டால் இணைப்பும் செத்துவிடும். பேட்ஜ்களைச் சேர்த்துவைக்க மொசில்லா தொடங்கிய பேக்பேக் சேவையே பின்னாளில் நிறுத்தப்பட்டு, பயனர்கள் வேறு தளத்துக்கு மாற வேண்டியிருந்தது. 2024-இல் முடிவான ஓப்பன் பேட்ஜஸ் 3.0, கொடுத்தவரின் டிஜிட்டல் கையெழுத்தைப் பேட்ஜோடு சேர்த்துவைக்க வழிசெய்கிறது. எல்லோரும் அதற்கு மாறும்வரை பிடிஎஃப் பிரதி ஒன்றையும் மூலப் பேட்ஜ் கோப்பையும் உங்களிடமே சேமித்து வையுங்கள்.

காலாவதியான பேட்ஜை என்ன செய்வது என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஏடபிள்யூஎஸ் போல 3 வருடம் முடிந்திருந்தால் இணைப்பைத் திறந்ததும் காலாவதி என்று அதுவே காட்டிவிடும். அதை நேர்காணலில் மற்றவர் கண்டுபிடித்துச் சொல்லும்படி விட வேண்டாம். ரெஸ்யூமேயில் நீங்களே "2021 முதல் 2024 வரை" என்று காலத்தைப் போட்டு, மறுதேர்வுக்குப் பதிவு செய்திருந்தால் அந்தத் தேதியையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.