தவணை தவறினால் பங்கு போகும்

2020-இல் ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் தன் பங்குதாரர்களுக்கு உரிமைப் பங்குகளை வெளியிட்டது. பங்கின் முகமதிப்பு 10 ரூபாய், விலையோ 1,257 ரூபாய். கூடுதலாக வாங்கிய 1,247 ரூபாய்தான் முனைமம், அதாவது பிரீமியம். விண்ணப்பப் பணமாக 314.25 ரூபாய் கட்டினால் போதும். மீதியை 2021 மே மாதத்திலும் நவம்பரிலும் இரண்டு அழைப்புகளாகக் கேட்டார்கள்.

இதே கணக்கில் ஒருவர் 100 பங்குக்கு 31,425 ரூபாய் கட்டிவிட்டு, முதல் அழைப்புக்குப் பணம் கட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தொகை ‘அழைப்பு நிலுவை’ ஆகிறது. அதற்கு வட்டியும் ஏறும். ஆனால் கம்பெனி உடனே பங்கைப் பறித்துவிட முடியாது. கம்பெனிகள் சட்டத்தின் மாதிரி விதிகள்படி குறைந்தது 14 நாள் அவகாசம் தந்து, கட்டாவிட்டால் பங்கு போய்விடும் என்று தெளிவாக எழுதி அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதன்பிறகும் பணம் வராவிட்டால் இயக்குநர் குழு தீர்மானம் போட்டுப் பங்குகளைப் பறிமுதல் செய்யலாம். கணக்குப் பாடத்தில் இதுதான் ‘ஒறுப்பிழப்பு’.

கட்டிய 31,425 ரூபாய் திரும்ப வராது. அதில் முகமதிப்புக்கான 250 ரூபாய் ஒறுப்பிழப்புக் கணக்குக்குப் போகும். கைக்கு வந்துவிட்ட முனைமம் 31,175 ரூபாய் முனைமக் கணக்கிலேயே நிற்கும். வராத முனைமம் மட்டும் ரத்தாகும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பங்கு பறிபோன பிறகும், பறிமுதல் நாள்வரை கட்ட வேண்டியிருந்த நிலுவையைக் கம்பெனி கேட்கலாம். எனவே டீமேட் கணக்கில் முகவரியும் மின்னஞ்சலும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அறிவிப்பு அங்கேதான் வரும்.