பரிசிலும் நன்றியுரையும்

பரிசில் பெறுபவர் அவையில் எழுந்து நன்றி கூறும் நேரம் மிகக் குறுகியது. ஆயினும், உரை முடிந்தபின் அவையோர் மனத்தில் எஞ்சுவது யாது என்பது ஆராய்தற்குரியது. பெரும்பாலும் பரிசிலின் பெயரும் பெற்றவரின் பணிவுமே எஞ்சுகின்றன. எப்பணிக்காகப் பரிசில் வழங்கப்பட்டதோ அப்பணி மறக்கப்பட்டுவிடுகின்றது. நன்றியும் குறையாது, பணியும் மறையாது சில நிமிடங்களிற் பேசுதல் கூடும் என்பதற்கு, 1983ஆம் ஆண்டு திசெம்பர் 10ஆம் நாள் ஸ்ரொக்கோம் நகரில் நோபெல் விருந்தின்போது பாபரா மக்கிளின்ரொக் அம்மையார் ஆற்றிய உரை நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

அம்மையார் அமெரிக்க நாட்டவர். சோளப் பயிரின் பிறப்புரிமையியலை ஆராய்ந்தவர். ஒரே கதிரில் நிறமற்ற மணிகள் சிலவற்றிற் சிறியனவும் பெரியனவுமாக நிறப்புள்ளிகள் தோன்றுவதன் காரணத்தை அவர் தேடினார். நிறமூர்த்தத்தில் ஒரு கூறு இடம்பெயர்ந்து நிறத்துக்குரிய பரம்பரையலகிற் புகுமாயின், மணி நிறமிழக்கும். மணி வளருங்கால் அக்கூறு சில கலங்களில் வெளியேறுமாயின், அக்கலங்களின் வழிவந்தவை மீண்டும் நிறம்பெறும். முன்னரே வெளியேறின் புள்ளி பெரிது. பின்னர் வெளியேறின் சிறிது. பரம்பரையலகுகள் தத்தம் இடத்தில் நிலையாக நிற்பன என்று நம்பிய அக்காலத்தவருக்கு இவ்விளக்கம் ஏற்புடையதாகத் தோன்றவில்லை. 1951இல் அவர் இதனை ஆய்வரங்கொன்றில் எடுத்துரைத்தார். அதன் பயனாகக் கிடைத்த நோபெல் பரிசைப் பெறும்போது அவருக்கு வயது 81.

இத்துணை நீண்ட வரலாற்றை அவர் விருந்துரையில் விரித்துரைக்கவில்லை. சுவீடன் மக்களின் அன்புக்கு ஓரிரு சொற்களில் மகிழ்ச்சி தெரிவித்தார். அடுத்துத் தாம் அங்கு வந்ததன் காரணத்தைக் கூறுமிடத்து, ‘யான் கண்டுபிடித்தேன்’ என்னாது, தாம் பல்லாண்டு பழகிய சோளப்பயிர், அக்காலக் கொள்கைக்கு முற்றிலும் மாறானதோர் உண்மையை வெளிப்படுத்தியது என்னும் பொருள்படப் பேசினார். இங்கே வாக்கியத்தின் எழுவாய் சோளப்பயிராகும். தற்புகழ்ச்சி நீங்கியது, பணியோ கேட்போர் கண்முன் நின்றது. துறை அறியாதாரும் நினைவிற் கொள்ளத்தக்க பொருளொன்று அவர்களுக்குக் கிடைத்தது.

பின்னர், தம் ஆய்வு புறக்கணிக்கப்பட்ட காலத்தில் எவ்வாறு உணர்ந்தார் என்று இளம் ஆய்வாளர் வினவுவதை எடுத்துக்கொண்டு விடையிறுத்தார். முதலில் வியப்பும் திகைப்பும் உண்டாயின. மக்கள் தம்மையறியாது கொண்டிருந்த முற்கோள்களே தடையாயிருந்தன எனப் பின்னர் விளங்கிற்று. சொற்பொழிவுகளுக்கு அழைப்புகள் அரிதாயின. ஆயினும் இடையூறின்றி ஆராயும் உரிமையால் அக்காலம் இன்பமாகவே கழிந்தது என்பது அவ்விடையின் சாரம். எவரையும் அவர் பெயர்கூறிக் குற்றஞ்சாட்டினாரல்லர். ஒரு பயிர், ஒரு வினா, எதிர்பாராத ஒரு விடை என்னும் மூன்றினால் உரை முற்றுப்பெறுகின்றது.

அவர் விட்டவை எவை என்பதும் நோக்கற்பாலது. ஆய்வின் நுட்பங்களுக்கு உரிய இடம் வேறாக இருந்தது. இரு நாள்களுக்கு முன், திசெம்பர் 8ஆம் நாள், தம் நோபெல் விரிவுரையில் அவற்றைக் கூறியிருந்தார். பரிசளிப்பிலும் அவர்தம் பணி பிறரால் விளக்கப்பட்டிருந்தது. இவ்வேறுபாட்டை மறப்பவரே நன்றியுரையிற் கட்டுரைப் பட்டியலையும் கலைச்சொற்களையும் அடுக்கி அவையைச் சோர்வடையச் செய்கின்றனர். மற்றொரு சாரார் பெயர்வரிசை ஒன்றையே வாசித்து அமர்கின்றனர். தமக்குத் தகுதியில்லை என்று மீண்டும் மீண்டும் கூறுவோரும் உளர்; அப்பணிவு பேசுவோரையே முன்னிறுத்திப் பணியை மறைத்துவிடுகின்றது.

சொல்லமைதி நன்றாயினும் கேட்கப்படாத உரை அவையிற் பயன்தராது. 1950இல் அதே நகரில், எழுத்தாளர் வில்லியம் போக்னர், 1949ஆம் ஆண்டுக்குரிய இலக்கியப் பரிசைப் பெற்றபோது, பரிசு தம்மைச் சார்ந்ததன்று, தம் பணியைச் சார்ந்தது என்று தொடங்கினார். ஆனால், ஒலிவாங்கியிலிருந்து விலகிநின்று தாழ்ந்த குரலில் விரைந்து படித்தமையால் அவையோர் பலர்க்கு அது விளங்கவில்லை. மறுநாள் அச்சில் வந்தபின்னரே அதன் சிறப்பு புலனாயிற்று. பின்னர் அச்சேறும் வாய்ப்பு அவர்க்கு இருந்தது. ஏனையோர்க்கு அவையிற் பேசிய சொல்லே எஞ்சும்.

ஆதலின் நன்றியுரை எழுதுபவர் அதனைச் சோதிக்க ஒரு வழி உண்டு. துறை அறியாத ஒருவருக்கு அதனை ஒருமுறை படித்துக்காட்டி, சிறிது நேரம் கழித்து, ‘இவர் செய்த பணி யாது?’ என வினவுதல் வேண்டும். அவர் ஒரே வாக்கியத்தில் விடைகூறின் உரை நன்று. பரிசிலின் பெயரை மட்டும் கூறுவாராயின், பணியைக் கூறும் வாக்கியம் உரையில் இல்லை, அல்லது பிற சொற்களுள் மறைந்துகிடக்கின்றது என்பது தெளிவு.