படுக்கையறைக் குரல்பதிவும் ஒலிவாங்கித் தேர்வும்

வீட்டிலேயே குரல்பதிவு செய்பவர்கள் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, கண்டென்சர் மைக் வாங்குவதா, டைனமிக் மைக் வாங்குவதா என்பதாகும். ஒலிப்பாடம், வலையொலி, பின்னணிக் குரல், பாட்டு என எதைப் பதிவு செய்தாலும் இக்கேள்வி எழுகிறது. ஒலி உறிஞ்சும் ஏற்பாடு எதுவும் இல்லாத படுக்கையறையில், "கண்டென்சர் மைக் அறையின் எதிரொலியை எல்லாம் இழுத்துக்கொள்ளும், டைனமிக் மைக் அதைத் தள்ளிவிடும்" என்பது பரவலாகச் சொல்லப்படும் விடை. இது பாதி உண்மை. அறையின் ஒலி பதிவில் எவ்வளவு சேரும் என்பதை மைக்கின் வகையைவிட, வாய்க்கும் மைக்குக்கும் இடையிலுள்ள தூரமே பெரிதும் தீர்மானிக்கிறது.

இரு வகைகளும் இயங்கும் விதம்

டைனமிக் மைக்கில் மெல்லிய அதிர்தகடு ஒன்றுடன் சிறு கம்பிச்சுருள் ஒட்டப்பட்டிருக்கும். சுருள் ஒரு நிலைக்காந்தத்தின் இடைவெளிக்குள் அமைந்திருக்கும். ஒலி பட்டுத் தகடு அதிரும்போது சுருளும் அசைவதால் அதில் மின்சாரம் தூண்டப்படுகிறது. இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. ஆனால் சுருளையும் சேர்த்து அசைக்க வேண்டியிருப்பதால் இதன் வெளியீடு குறைவு. மிக உயர்ந்த அதிர்வெண்களுக்கு இது முழுமையாக ஈடுகொடுப்பதும் இல்லை.

கண்டென்சர் மைக்கில் மின்கடத்தும் பூச்சுள்ள மிக மெல்லிய தகடும், அதன் பின்னால் ஓர் அசையாத தகடும் சேர்ந்து மின்தேக்கியாகச் செயல்படுகின்றன. முன்தகடு அதிரும்போது இரண்டுக்கும் இடையிலான தூரம் மாறி, மின்னழுத்தமும் மாறுகிறது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியாளர் ஈ. சி. வென்ட் 1916-ஆம் ஆண்டில் இதை உருவாக்கினார். இவ்வகை மைக்குக்குள் ஒரு சிறு மின்னணுச் சுற்று இருப்பதால், ஃபாண்டம் பவர் எனப்படும் 48 வோல்ட் மின்சாரத்தை ஆடியோ இன்டர்ஃபேஸ் வழங்க வேண்டும். யு.எஸ்.பி. வகை கண்டென்சர் மைக்குகள் அதைக் கணினியிலிருந்தே பெற்றுக்கொள்கின்றன.

வெளியீட்டில் உள்ள வேறுபாடு பெரிது. ஒரே அளவு ஒலியழுத்தத்துக்கு ஷூர் எஸ்.எம்.58 என்ற டைனமிக் மைக் 1.85 மில்லிவோல்ட் தருகிறது, ஆடியோ-டெக்னிகா ஏ.டி.2020 என்ற கண்டென்சர் மைக் 14.1 மில்லிவோல்ட் தருகிறது. அதாவது ஏழு மடங்குக்கும் மேல்.

தவறான எண்ணம் தோன்றும் இடம்

மேற்கண்ட இரண்டு மைக்குகளையும் அருகருகே வைத்து, இன்டர்ஃபேஸில் கெயின் அளவை மாற்றாமல் ஒப்பிட்டால், கண்டென்சரில் விசிறிச் சத்தமும் தெருச் சத்தமும் தெளிவாகக் கேட்கும், டைனமிக்கில் கேட்காது. இதைக் கண்டுதான் டைனமிக் மைக் அறையைத் தள்ளிவிடுகிறது என்று பலரும் முடிவு செய்கிறார்கள். உண்மையில் அங்கே குரலும் அதே அளவுக்குத் தாழ்ந்துதான் பதிவாகியிருக்கும். குரலின் அளவு சமமாகும்வரை டைனமிக் மைக்கின் கெயினை உயர்த்தினால், விசிறிச் சத்தமும் கூடவே உயர்ந்துவிடும். ஒரு மைக்குக்கு எது குரல், எது விசிறி என்று பிரித்தறியத் தெரியாது.

இரண்டும் இதயவடிவத் திசைவாங்கல் கொண்டவை. முன்னாலிருந்து வரும் ஒலியை நன்றாகவும், பின்னாலிருந்து வருவதை மிகக் குறைவாகவும் வாங்கும். திசைவாங்கலும் தூரமும் ஒன்றாக இருந்தால், குரலுக்கும் அறையொலிக்கும் உள்ள விகிதமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

ஆயினும் நடைமுறையில் டைனமிக் பதிவுகள் "உலர்ந்து" கேட்பதற்குக் காரணங்கள் உண்டு. வெளியீடு குறைவு என்பதால் பயன்படுத்துபவர் தானாகவே அதை வாயருகே கொண்டுவருகிறார். மேலும் எஸ்.எம்.58 ஏறத்தாழ 15,000 ஹெர்ட்ஸ் வரைதான் வாங்கும், ஏ.டி.2020 20,000 ஹெர்ட்ஸ் வரை வாங்கும். காற்றின் சீறல், சுவரில் பட்டுத் திரும்பும் "ச", "ஸ" ஒலிகளின் கூர்மை போன்றவற்றை டைனமிக் ஓரளவு மழுக்கிவிடுகிறது. மழுங்குவது குரலின் கூர்மையும்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

தூரத்தின் கணக்கு

12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்ளலாம். பூச்சுச் சுவர், டைல்ஸ் தரை, ஒரு கட்டில், ஒரு துணி அலமாரி. அறையின் கொள்ளளவு சுமார் 34 கன மீட்டர். அதன் எதிர்முழக்க நேரம், அதாவது ஓர் ஒலி நின்றபின் 60 டெசிபல் தேய்வதற்கு எடுக்கும் நேரம், 0.6 வினாடி என்று கொள்ளலாம்.

இத்தகைய அறையில் குறிப்பிட்ட ஒரு தூரத்தில், வாயிலிருந்து நேராக வரும் ஒலியும் சுவர்களில் பட்டு வரும் ஒலியும் சம அளவாகிவிடும். அதற்கு அப்பால் அறையின் ஒலியே மேலோங்கும். ஒலியியலின் வழக்கமான சூத்திரப்படி, இதயவடிவ மைக்குக்கு இந்த அறையில் அத்தூரம் ஏறத்தாழ 74 செ.மீ. சிறிய அறைகளில், குறிப்பாகத் தாழ்ந்த ஒலிகளுக்கு, இச்சூத்திரம் துல்லியமானதன்று. எனினும் ஒப்பிட்டுப் பார்க்கப் போதுமானது.

ஒரு மாணவி இந்த அறையில் ஒலிப்பாடம் பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேசையின் மறுமுனையில், கணினித் திரையின் ஓரமாக, வாயிலிருந்து 60 செ.மீ. தொலைவில் கண்டென்சர் மைக் இருக்கிறது. அங்கே நேர் ஒலி அறையொலியைவிட ஏறத்தாழ 2 டெசிபல்தான் மேலே இருக்கும். பதிவு கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும். அதே மைக்கை 10 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவந்தால் இந்த வேறுபாடு 17 டெசிபலாகிறது. நேர் ஒலியின் ஆற்றல் அறையொலியைப் போல ஒன்றரை மடங்காக இருந்தது, இப்போது 50 மடங்காகிவிடுகிறது. மைக்கை மாற்றாமலே கிடைத்த பயன் இது. மாறாக, 60 செ.மீ. தூரத்திலேயே டைனமிக் மைக் ஒன்றை வாங்கி வைத்திருந்தால் அதே 2 டெசிபல்தான் மிஞ்சியிருக்கும்; பணம்தான் வீணாகியிருக்கும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது

கண்டென்சர் மைக்குகளின் உள்ளிரைச்சல் குறைவு என்பது அவற்றின் சிறப்பாகக் கூறப்படுகிறது. ஏ.டி.2020-இன் உள்ளிரைச்சல் 20 டெசிபல். அதைவிடக் குறைந்த மைக்குகளும் உண்டு. ஆனால் விசிறியை நிறுத்திய படுக்கையறையில்கூடப் பின்னணிச் சத்தம் 30 டெசிபலுக்குக் கீழே இறங்குவது அரிது. அறையே அதிகமாக இரையும்போது மைக்கின் அமைதியால் பயன் சொற்பமே.

டைனமிக் மைக்கின் இரைச்சல் வேறிடத்தில் பிறக்கிறது. அதன் சிறிய வெளியீட்டை இன்டர்ஃபேஸ் பல நூறு மடங்கு பெருக்க வேண்டும். இதற்கு 50 முதல் 60 டெசிபல் கெயின் தேவைப்படலாம். இன்டர்ஃபேஸின் உள்ளீட்டு இரைச்சல் அளவு, அதன் விவரத்தாளில் உள்ளபடி, −128 டெசிபல்-யு என்றால், எஸ்.எம்.58-உடன் சேரும்போது அது சுமார் 18 டெசிபல் ஒலிக்குச் சமமான சீறலையே தரும். இதுவும் அறையின் சத்தத்துக்குள் மூழ்கிவிடும். மலிவான இன்டர்ஃபேஸில் கெயின் போதாமலோ, இறுதிவரை திருகும்போது சீறல் மிகுந்தோ இருந்தால் மட்டுமே டைனமிக் மைக் சிக்கலாகும்.

பதிவில் கேட்கும் சீறல் அறையினுடையதா, கருவியினுடையதா என்பதை எளிதில் சோதிக்கலாம். வழக்கமான கெயினில் பத்து வினாடி அமைதியைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு கெயினை மாற்றாமல், மைக்கைத் துணி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தி மீண்டும் பத்து வினாடி பதிவு செய்ய வேண்டும். சீறல் குறைந்தால் அது அறையினுடையது; வேறு மைக் வாங்கினாலும் போகாது. அப்படியே இருந்தால் அது கருவியினுடையது.

அருகில் வைப்பதன் விலை

வாயருகே வைக்கும்போது புதிய குறைகள் தோன்றும். இதயவடிவ மைக்குகளில் நெருங்க நெருங்கத் தாழ்ந்த ஒலி பருத்துக்கொண்டே போகும். இது அண்மை விளைவு எனப்படுகிறது. "ப" போன்ற எழுத்துகளின் காற்று மைக்கில் மோதி "டப்" என்று ஒலிக்கும். நாவும் உதடும் எழுப்பும் ஈரச் சத்தங்களும் பதிவாகும். கண்டென்சரின் கூர்மை இவற்றை மேலும் வெளிப்படுத்தும். குரல் பயிற்சி இல்லாதவருக்கு டைனமிக் இங்கே இணக்கமானது. எந்த வகையானாலும் பாப் ஃபில்டர் பொருத்தி, மைக்கை வாய்க்கு நேராக அன்றிச் சற்றுப் பக்கவாட்டில் வைத்து, வாயை நோக்கித் திருப்பினால் காற்று தவிர்ந்துவிடும்.

எதைத் தேர்வது

பேசுபவர் 5 முதல் 15 செ.மீ. தூரத்தில் அசையாமல் இருக்க முடியும், இன்டர்ஃபேஸில் போதிய கெயின் உண்டு என்றால், டைனமிக் மைக் பாதுகாப்பான தேர்வு. வலையொலிக்கும் ஒலிப்பாடத்துக்கும் இது பொருந்தும்.

மென்குரலில் பாடுவோர், குரலின் நுண்மை வெளிப்பட வேண்டிய கதைவாசிப்பு ஆகியவற்றுக்குக் கண்டென்சர் ஏற்றது. அதையும் 15 செ.மீ. அளவில் வைத்து, பேசுபவரின் முதுகுப்புறம் கனமான மெத்தையுறை அல்லது ரஜாயைத் தொங்கவிட வேண்டும். மைக்கின் முகம் பார்ப்பது அந்தச் சுவரைத்தான் என்பதால், மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுவதைவிட இதுவே அதிகம் பயன்தரும்.

காணொளியில் மைக் தெரியக்கூடாது என்று அரை மீட்டருக்கு அப்பால் வைக்க நேர்ந்தால், டைனமிக் மைக் தீர்வாகாது. அங்கே அறையையே திருத்த வேண்டும், அல்லது சட்டையில் குத்தும் காலர் மைக்கைப் பயன்படுத்த வேண்டும்.

ஏற்கெனவே ஒரு மைக் வைத்திருப்பவர், புதிது வாங்குமுன் ஒரே வாக்கியத்தை 60, 30, 10 செ.மீ. தூரங்களில் பதிவு செய்து பார்க்கலாம். மூன்றையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்தபின், வாக்கியம் முடியும் இடத்தில் தொங்கும் வாலைக் கேட்க வேண்டும். 10 செ.மீ. பதிவில் அந்த வால் மறைந்துவிட்டால், குறை மைக்கில் இல்லை, அது நின்ற இடத்தில்தான்.