மேலே ஏறும் காப்பி

எஸ்பிரெசோ மெஷினின் குரூப் ஹெட்டுக்கு பாய்லரிலிருந்து வருவது வெறும் வெந்நீர்தான். காப்பியெல்லாம் கீழே கோப்பைக்கு இறங்கிவிடுகிறது. அப்படியிருக்க, என் வீட்டு மெஷினின் ஷவர் ஸ்க்ரீனை ஆறு மாதம் கழித்து முதன்முறையாகக் கழற்றியபோது, அதன் மேற்பக்கத்தில் தார் பூசியதுபோல் கறுப்பாக ஒட்டியிருந்தது. முகர்ந்தால் காறிப்போன எண்ணெய் வாடை. புதுக் கொட்டை வாங்கி அரைத்தும் சில வாரங்களாகக் காப்பியில் தெரிந்த கசப்புக்குக் காரணம் அதுதான். ஆனால் காப்பி மேலே எப்படிப் போனது?

விடை, பம்ப் நிற்கும் நொடியில் இருக்கிறது. காப்பி இறங்கும்போது தூளின் மேல் ஏறத்தாழ 9 பார் அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தோடு போர்ட்டாஃபில்டரைக் கழற்றினால் சூடான தூள் முகத்தில் தெறிக்கும். அதனால் பம்பை நிறுத்தியதும் மூவழி சொலனாய்டு வால்வு திறந்து, அழுத்தத்தை வடிதட்டுக்கு வெளியேற்றுகிறது. ‘புஸ்’ என்று கேட்பது அந்தச் சத்தம்தான். அப்போது தூளின் மேல் நிற்கும் நீர், எண்ணெயையும் நுண்துகள்களையும் இழுத்துக்கொண்டு ஸ்க்ரீன் வழியாக மேலேறி வால்வைக் கடந்து போகிறது. ஒவ்வொரு கோப்பைக்கும் கொஞ்சம் அங்கேயே தங்கிவிடுகிறது.

பேக்ஃபிளஷ் என்பது அதே வழியில் அதே வேகத்தோடு சுத்தமான நீரை அனுப்புவது. துளையில்லாத பேஸ்கட்டைப் போர்ட்டாஃபில்டரில் வைத்து மாட்டி பம்பை ஓட விட்டால், நீர் போக வழியின்றி அழுத்தம் ஏறும். நிறுத்தியதும் அது பாய்ந்து பின்வாங்கும். அழுக்கைப் பெயர்த்து வருவது அந்தப் பாய்ச்சல்தான். ஆகவே பம்பை நீண்ட நேரம் ஓட விடுவதால் பயனில்லை; பலமுறை நிறுத்துவதே பயன்.

வெறும் நீர் தூளைத்தான் கொண்டுபோகும், எண்ணெயைக் கரைக்காது. வறுத்த அரபிக்கா கொட்டையில் சுமார் 15 சதவீதம் எண்ணெய். சூடான உலோகத்தில் மெல்லிய படலமாகப் படியும்போது அது காற்றுப் பட்டுக் காறி, பிசினாக இறுகுகிறது. இதற்கென்று விற்கும் பொடிகளில் பெரும்பாலும் சோடியம் பெர்கார்பனேட் இருக்கும். வெந்நீரில் அது சலவை சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரிகிறது. சோடாவின் காரம் எண்ணெயைச் சோப்பாக மாற்றி நீரில் கரைய வைக்கிறது. பெராக்சைடு பழுப்புக் கறையைச் சிதைக்கிறது. பாய்லரின் சுண்ணாம்புப் படிவை இந்தப் பொடி தொடாது. அதற்கு சிட்ரிக் அமிலம் போன்ற அமிலம் வேண்டும். அது வேறொரு நாளின் வேறு வேலை.

என் வீட்டு முறை இது. மெஷின் நன்றாகச் சூடானபின் துளையில்லாத பேஸ்கட்டில் அரைத் தேக்கரண்டி பொடி போடுகிறேன். 10 விநாடி ஓட்டி, 10 விநாடி நிறுத்துகிறேன். இப்படி ஐந்து முறை. நிறுத்தும் இடைவெளியில்தான் பொடிக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கிறது. முதல் இரண்டு முறை வடிதட்டில் விழுவது கெட்டித் தேநீர் நிறத்தில் நுரையோடு இருக்கும், பிறகு வெளிறும். அதன்பின் பேஸ்கட்டைக் கழுவி, பொடியில்லாமல் பத்து முறை. நுரை துளியும் இல்லையென்றால்தான் முடிந்தது. முதல் காப்பியைக் குடிக்காமல் கொட்டிவிடுகிறேன்.

கடைகளில் ஒவ்வொரு இரவும் பொடி போட்டுக் கழுவுவது வழக்கம். தினம் இரண்டு கோப்பை போடும் வீட்டுக்கு நாள்தோறும் வெறும் நீர், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பொடி போதும். 1961-இல் ஃபேமா நிறுவனம் கொண்டுவந்த ஈ61 வகை குரூப்பில் வால்வைத் திறந்து மூடுவது நெம்புகோல். அதன் உள்ளுறுப்புகளின் கிரீஸைப் பொடி அரித்துவிடும். அதற்கு மாதம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். நெம்புகோல் கிறீச்சிட்டால் கிரீஸ் போய்விட்டது என்று பொருள்.

மூவழி வால்வே இல்லாத மெஷின்களும் உண்டு. விலை குறைந்த வீட்டு மெஷின்கள் பல அப்படித்தான். அவற்றில் பேக்ஃபிளஷ் செய்யக் கூடாது. அடைபட்ட அழுத்தம் வெளியேற வழியின்றி ரப்பர் வளையத்தையும் இணைப்புகளையும் சோதிக்கும். ஸ்க்ரீனைக் கழற்றிப் பொடி கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்ப்பதே அங்கே வழி.

வால்வு இருக்கிறதா என்று அறிய காதே போதும். பம்பை நிறுத்தியதும் ‘புஸ்’ சத்தமும், வடிதட்டில் நீரும் வந்தால் இருக்கிறது. முன்பு வந்த சத்தம் மங்கி, போர்ட்டாஃபில்டரில் தூள் சேறாகத் தேங்கினால், மேலே ஏறிய காப்பி வால்வை அடைக்கத் தொடங்கிவிட்டது.