பழவேற்காடு: அரைநிலாவைப் பார்த்தே ஓதத்தைச் சொல்லலாமா?

சூரியன் மறையும்போது அரைநிலா உச்சியில் நிற்குதா? அப்போ பழவேற்காடு கடலில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் குறைவாகத்தான் இருக்கும். எப்படின்னு ஒரு தாளில் வரைஞ்சு பாருங்க.

நடுவில் பூமி, மேற்கே சூரியன், தலைக்கு மேலே நிலா. பூமியில் இருந்து பார்த்தால் இரண்டுக்கும் இடையே 90 டிகிரி. பூமியின் நிழல் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான் விழும், நிலா அங்கே இல்லை. ஆக, நிலா பாதியாகத் தெரிய நம்ம நிழல் காரணமில்லை. வெயில் படும் பாதியைப் பக்கவாட்டில் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

இப்படி இருவரும் குறுக்கே நின்று கடலை இழுப்பதால் ஓதம் சுருங்குது. ஒரு வாரத்தில் பௌர்ணமி வரும்போது மூன்றும் ஏறக்குறைய நேர்க்கோட்டில் நிற்கும், ஏற்ற இறக்கம் கூடும். அமாவாசைக்கும் இதே கணக்குதான்.

ஆனால் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால், கடலில் ஓதம் ஏறினாலும் ஏரிக்குள் தண்ணீரும் இறாலும் வருவது குறைஞ்சிடும்.